நெட்டையும் குட்டையும், ஆனால் இடுப்பு குறுகல்

தெற்கு சூடானின் டின்கா ஆண்களில் ஆறடியைத் தொடுபவர்கள் நிறைய பேர். காங்கோவின் இத்தூரிக் காட்டில் வாழும் ம்புட்டி ஆண்கள் ஐந்தடிக்கும் குறைவு. இரண்டு பகுதிகளும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை, இரண்டிலும் வெயிலுக்குக் குறைவில்லை. அப்படியிருக்க உயரத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அமெரிக்க மானுடவியலாளர் கிறிஸ்டோபர் ரஃப் 1990களில் உயரத்தை விட்டுவிட்டு இடுப்பெலும்பின் அகலத்தைப் பார்த்தார். அதில் இரு சாராரும் குறுகலானவர்கள்.

உடம்புக்குள் வெப்பம் உண்டாவது தசையிலும் உறுப்புகளிலும். அது வெளியேறுவது பெரும்பாலும் தோல் வழியாக. ஆகவே ஒவ்வொரு கிலோ எடைக்கும் எவ்வளவு தோல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரஃப் உடம்பை ஓர் உருளையாக வைத்துக் கணக்குப் போட்டார். நாமும் போட்டுப் பார்க்கலாம். 150 செ.மீ. உயரமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள உருளையை 180 செ.மீ.க்கு உயர்த்தினால் கன அளவு 20 சதவீதம் கூடும், பக்கப் பரப்பும் அதே 20 சதவீதம்தான் கூடும். விகிதம் அசையாது. உயரத்தைத் தொடாமல் விட்டத்தை 25 செ.மீ. ஆக்குங்கள்: அதே கன அளவுக்குக் கிடைக்கும் பரப்பு 20 சதவீதம் அதிகம். ஆக, உடம்பைக் குளிர்விக்க உதவுவது ஒல்லிதான், உயரமல்ல.

கை கால்களும் மெல்லிய உருளைகளே. அவை நீண்டால் தோலின் பங்கு கூடுகிறது. அதிலும் முழங்காலுக்குக் கீழே நீளம் கூடுவது கண்ணில் படும். ஆப்பிரிக்க வெப்பப் பகுதி மக்களில் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம். பனியுக ஐரோப்பாவில் வாழ்ந்த நியாண்டர்தால்களில் 80ஐக்கூட எட்டவில்லை.

அப்படியானால் ம்புட்டிகள் ஏன் குள்ளம்? திறந்த புல்வெளியில் வியர்வை காற்றில் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். மழைக்காட்டின் ஈரக் காற்றில் அது வழிந்து சொட்டுமே தவிர, எளிதில் ஆவியாகாது. எனவே வெப்பத்தை உண்டாக்கும் உடம்பே சிறியதாக இருப்பது லாபம் என்பது ரஃப்பின் விளக்கம். உணவுப் பற்றாக்குறை, சீக்கிரமே பிள்ளை பெறுதல் என்று வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. இது இன்னும் தீராத விவாதம்.

இந்த மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் படிந்தவை. ஐரோப்பாவுக்கு முதலில் வந்த நவீன மனிதர்களின் எலும்புகளில் கடுங்குளிரிலும் வெப்பநாட்டு நீள்கால்களே தெரிகின்றன. வந்த இடத்துக்கு உடம்பு உடனே ஒத்துப்போய்விடுவதில்லை.

எடை மட்டும் வேகமாக மாறுகிறது. வெப்பம் கூடக்கூட மக்களின் சராசரி எடை குறைகிறது என்று 1953இல் டி. எஃப். ராபர்ட்ஸ் காட்டியிருந்தார். 1998இல் அதை மறுபடி ஆராய்ந்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் தளர்ந்திருந்தது. முக்கியக் காரணம், வெப்பநாட்டு மக்களின் எடை இடைக்காலத்தில் ஏறிவிட்டதுதான்.