பிரீமியம் சந்தா கட்டியும் படம் ஏன் மங்கல்?

2017 நவம்பரில் வந்த ஒன்பிளஸ் 5டி போனில், அன்றைக்கு உச்சத்தில் இருந்த ஸ்னாப்டிராகன் 835 சிப் இருந்தது. திரையும் ஃபுல் ஹெச்டிக்குக் குறைந்ததல்ல. யூடியூப் அதில் பளிச்சென்று ஓடியது. நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் மட்டும் படம் மங்கல். எந்த பிளான் எடுத்தாலும், வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதே கதை. பழுது என்று ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த அந்தப் போனை நெட்ஃபிளிக்ஸ் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையை அளப்பது வைட்வைன் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. 2010-இல் கூகுள் விலைக்கு வாங்கிய நிறுவனம் உருவாக்கியது. இன்று ஆண்ட்ராய்டு போன்களிலும் டிவிகளிலும் பரவலாக இருக்கிறது. ஸ்ட்ரீமிங் படம் நம் போனுக்கு வரும்போது பூட்டிய நிலையில்தான் வரும். அதைத் திறக்கும் சாவியைப் போன் எங்கே வைத்துக் கையாள்கிறது என்பதைப் பார்த்து வைட்வைன் L1, L2, L3 என்று தரம் பிரிக்கிறது. உச்சம் L1, கடைசி L3. L2-ஐ நடைமுறையில் காண்பது அரிது.

போனின் பிராசசருக்குள்ளேயே ஆண்ட்ராய்டு எட்டிப் பார்க்க முடியாத தனிப்பகுதி ஒன்று உண்டு. கோயிலின் கருவறை மாதிரி; மண்டபத்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உள்ளே போக உரிமை உள்ளவர் மட்டுமே போகலாம். L1 போனில் பூட்டைத் திறப்பது, படத்தை விரிப்பது, திரைக்கு அனுப்புவது எல்லாமே இந்தப் பாதுகாப்பான வழியில் நடக்கின்றன. போனையே ஒருவர் ஹேக் செய்தாலும் திறந்த படம் கைக்கு எட்டுவது மிகக் கடினம்.

L3-யில் அந்தக் காவல் இல்லை. சாவி சாதாரண மென்பொருளுக்குள், கணக்குகளுக்கு நடுவே கலைத்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஒளித்தது எவ்வளவு நாள் தாங்கும்? 2019 ஜனவரியில் டேவிட் புகேனன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் L3-ஐ உடைத்துவிட்டதாக அறிவித்தார். அவர் பயன்படுத்தியது, கணக்கு நடக்கும்போது வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி, தப்பாக வந்த விடையையும் சரியான விடையையும் ஒப்பிட்டுச் சாவியைக் கண்டறியும் பழைய உத்தி. L3-க்கு ஹெச்டி கொடுக்க நிறுவனங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

நாம் பிளே பட்டனைத் தொட்டதும் நடப்பது இதுதான். ஆப், படத்தைத் திறக்க அனுமதி கேட்டு சர்வருக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. அதோடு போனின் அடையாளச் சான்றும் போகிறது. ஒரே படத்தின் எஸ்டி, ஹெச்டி, 4கே வடிவங்களைப் பெரும்பாலும் வெவ்வேறு சாவிகளால் பூட்டியிருப்பார்கள். போன் L3 என்று தெரிந்தால் சர்வர் எஸ்டி சாவியை மட்டும் தரும். சந்தா, அதிகபட்சம் எதைக் கேட்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. எது கிடைக்கும் என்பதை இந்தச் சான்று முடிவு செய்கிறது. 480p படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள், ஃபுல் ஹெச்டியில் 20 லட்சத்துக்கும் மேல். மங்கலுக்குக் காரணம் அந்த ஐந்து மடங்கு.

L3-யோடு வந்த 5டி போனுக்கு ஒன்பிளஸ் 2018-இல் தீர்வு ஒன்றைக் கொடுத்தது: போனைத் தங்களுக்கு அனுப்பி வைத்தால் L1 ஆக்கித் தருவோம் என்றது. வழக்கமான அப்டேட்டாக அதை அனுப்ப முடியவில்லை. ஒவ்வொரு போனுக்கும் உரிய ரகசியச் சாவியைப் பாதுகாப்பான பகுதிக்குள் எழுத வேண்டும். அது வழக்கமாகத் தொழிற்சாலையில் முடிய வேண்டிய வேலை. எல்லாப் போனுக்கும் இந்த அலைச்சல் இல்லை. 2018-இல் L3-யோடு இந்தியாவில் விற்பனைக்கு வந்த போக்கோ எஃப்1 போனுக்கு மறு ஆண்டே அப்டேட் வழியாக L1 கிடைத்தது.

L1 இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. நெட்ஃபிளிக்ஸ் அந்த மாடலையும் தனியாகச் சோதித்து ஏற்றிருக்க வேண்டும். டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிளில் 4கே அனுப்பினால், இரு முனையும் ஹெச்டிசிபி 2.2 பாதுகாப்பை ஏற்க வேண்டும். நடுவில் ஒரு பழைய சவுண்ட்பார் இருந்தாலே தரம் இறங்கிவிடும். சில போன்களில் பூட்லோடரைத் திறந்தால் L1 போய் L3 ஆகிவிடும்.

இவ்வளவு காவல் போட்டும் புதுப்படங்களின் 4கே திருட்டுப் பிரதிகள் வெளிவராமல் இல்லை. காசு கட்டியவர்தான் மங்கலாகப் பார்க்கிறார். படத்தைக் காப்பது நிறுவனத்தின் உரிமை. ஆனால் இந்தச் சாதனத்தில் இவ்வளவுதான் தெரியும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே ஆப் சொல்லிவிட வேண்டும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்ட்ராய்டு போனின் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் App Settings பகுதிக்குப் போய் Playback Specification என்பதைத் தொடுங்கள். வைட்வைன் தரமும், உங்கள் போனுக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தெளிவும் அங்கே இருக்கும். L3 என்று காட்டினால், அந்தப் போனுக்காகப் பெரிய பிளான் எடுக்க வேண்டாம்.