பதிவேற்றம் எந்த இடத்தில் நின்றது?

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலர் படிவத்தை நிரப்பி முடித்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒன்றை ஏற்றும்போதுதான் அவர்களுடைய பொழுது போய்விடுகிறது. திரையில் ‘Upload failed’ என்று வருமே தவிர, ஏன் தோற்றது என்று வராது. காரணம் தெரியாததால் கையில் கிடைத்த வழியையெல்லாம் முயன்று பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கவனித்தால், காரணத்தில் பாதி அங்கேயே புலப்பட்டுவிடும்.

அண்மையில் என் அக்கா மகள் இப்படி மாட்டிக்கொண்டாள். நடந்ததை அவள் எழுதி அனுப்பிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. “ஐபோன்ல எடுத்த படம், மாமா. டிரைவ்ல போட்டு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல இறக்கினேன். ஃபைல் பேரு .heic-னு முடியுது, 1.8 எம்பி இருக்கு. பிரவுசரை மாத்திப் பார்த்தேன், கேஷ் அழிச்சேன். பேரை .jpg-னு மாத்தினேன். படத்தைச் சுருக்கித் தர்ற ஒரு தளத்துல போட்டா அதுவும் படத்தைத் திறக்க முடியலைங்குது. ஆனா என் ஃபிரெண்டோட படம் இதே கம்ப்யூட்டர்ல உடனே ஏறிடுச்சு.”

கடைசி வரிதான் இதில் மிக மதிப்பானது. தோழியின் படம் ஏறிவிட்டது என்றால் கணினியிலும் இணைய இணைப்பிலும் விண்ணப்பத் தளத்திலும் பழுதில்லை. அதனால் பிரவுசரை மாற்றியதும் கேஷை அழித்ததும் உதவாத வேலைகள். குறை அந்த ஃபைலில்தான் இருக்க வேண்டும். “ஏத்தினதும் உடனே மறுக்குதா, இல்ல கொஞ்ச நேரம் ஓடி மறுக்குதா?” என்று கேட்டேன். “.heic-னு இருந்தப்ப கண் மூடித் திறக்கறதுக்குள்ள மறுத்துச்சு. பேரை மாத்தினப்புறம் நூறு சதவீதம் வரைக்கும் ஓடி, அப்புறம் மறுக்குது” என்றாள்.

மூன்று வாசல்கள்

ஃபைலைத் தேர்ந்தெடுத்த உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் அது உங்கள் கணினியை விட்டுக் கிளம்பவே இல்லை. பிரவுசருக்குள் திறந்திருக்கும் பக்கமே பெயரின் முடிவையோ அளவையோ பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது. பாதி வழியில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் இணைப்பைச் சந்தேகிக்கலாம். முழுதும் போய்ச் சேர்ந்த பின் மறுப்பு வந்தால், மறுமுனையில் இருக்கும் சர்வர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறது.

அவள் பெயரை மாற்றியதும் முதல் வாசல் ஏமாந்து வழிவிட்டது. சர்வர் பெயரோடு நிற்காமல் உள்ளடக்கத்தையும் பார்த்தது. ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை ஹைக் என்ற வடிவத்தில் சேமித்துவருகிறது. அது குறைந்த இடத்தில் நல்ல படத்தைத் தருகிறது. ஆனால் விண்ணப்பத் தளங்கள் கேட்பது பழைய ஜேபெக். பெயரின் முடிவை மாற்றினால் உள்ளே இருக்கும் வடிவம் மாறாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். படத்தின் ஒரு நகலை விண்டோஸில் நோட்பேட் கொண்டு திறந்தால் புரியாத எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். முதல் வரியின் தொடக்கத்தில் `ftypheic` என்று தெரிந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் அது ஹைக்தான். உண்மையான ஜேபெக் என்றால் பெரும்பாலும் `JFIF` அல்லது `Exif` என்று தெரியும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். நோட்பேடில் சேமித்தால் படம் கெட்டுவிடும். அக்கா மகளின் ஃபைலில் `ftypheic` என்றுதான் இருந்தது.

சிலருக்கு ஐபோனிலிருந்தே நேராக ஏற்றும்போது படம் ஏறிவிடுகிறது. தளம் ஜேபெக் வேண்டும் என்று முறையாகக் குறித்திருந்தால், புகைப்படத் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும் படத்தை ஐபோன் தானே மாற்றித் தந்துவிடும். டிரைவ் வழியாகக் கணினிக்குப் போன ஃபைலுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

தீர்வு ஃபோனிலேயே இருக்கிறது. ஐஓஎஸ் 16 முதல், படத்தை Files செயலியில் சேமித்து, அங்கே அதன் மீது விரலை அழுத்திப் பிடித்து Quick Actions, அதில் Convert Image என்று போனால் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். இனி எடுக்கும் படங்களுக்கு Settings-இல் Camera, Formats, Most Compatible என்று வைத்துவிட்டால் போதும்.

அளவு என்பது இரண்டு

மாற்றிய படத்தை ஏற்றியதும் செய்தி மாறியது. இம்முறை ‘20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்றது. செய்தி மாறினாலே ஒரு தடை நீங்கிவிட்டது என்று பொருள்.

வங்கித் தேர்வு அறிவிப்புகளில் புகைப்படத்துக்கு வழக்கமாக 200க்கு 230 பிக்சல் என்றும், 20 முதல் 50 கேபி என்றும் இருக்கும். ஒன்று நீள அகலம், இன்னொன்று ஃபைலின் எடை. பலர் எடையை மட்டும் குறைக்கப் பார்க்கிறார்கள். 4032க்கு 3024 பிக்சல் உள்ள ஃபோன் படத்தில் ஒரு கோடியே இருபத்தோரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அத்தனையையும் 50 கேபிக்குள் திணித்தால் முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். 200க்கு 230 என்றால் வெறும் 46,000 புள்ளிகள்தான். நீள அகலத்தை முதலில் குறைத்துவிட்டால் எடை தானாக இறங்கிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் 200க்கு 230 என்ற விகிதத்தில் வெட்ட வேண்டும். வெட்டாமல் அளவை மட்டும் மாற்றினால் முகம் இழுபட்டுப்போகும். அடுத்து பிக்சலைக் குறைக்க வேண்டும், கடைசியாகத் தரத்தைக் கூட்டிக் குறைத்து எடையைச் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் 11-இன் Photos செயலியில் Resize image என்ற இடத்தில் கடைசி இரண்டையும் செய்யலாம். சேமிக்கும் முன்பே புதிய எடையையும் அது காட்டும். 20 கேபிக்குக் கீழே போனாலும் மறுப்பு வரும் என்பதை மறக்கக் கூடாது. அப்போது தரத்தைச் சற்று உயர்த்தினால் போதும். அக்கா மகளின் படம் இப்படித்தான் ஏறியது.

தவறு தளத்தின் பக்கம் இருந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ் பிடிஎஃப் ஏறாமல் போவதுண்டு. 5 எம்பி வரை ஏற்கும் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆனால் 1.2 எம்பி ஃபைலே திரும்பிவரும். பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், யாரும் மாற்றி வைக்காவிட்டால் 1 எம்பிக்கு மேல் ஏற்காது. அப்போது திரையில் `413` என்ற எண் வரக்கூடும். ஸ்கேனை 0.9 எம்பிக்குச் சுருக்கி ஏற்றிப் பாருங்கள். அது ஏறி, 1.2 எம்பி மட்டும் மறுக்கப்பட்டால் தடை எங்கே என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும். விண்ணப்பம் போய்ச் சேரச் சுருக்கிய ஸ்கேன் போதும். ஆனால் தளத்தைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அதை நடத்துபவர்கள்தான்.

அவர்களுக்கு ‘உங்கள் தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் பெரும்பாலும் ‘பிரவுசரை மாற்றிப் பாருங்கள்’ என்றே பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: “விண்டோஸ் கணினி, குரோம் பிரவுசர். பிடிஎஃப் ஃபைல், கடவுச்சொல் இல்லை. 0.9 எம்பி ஏறுகிறது, அதே ஆவணம் 1.2 எம்பியில் ஏறவில்லை, 413 என்று வருகிறது. வேறொரு கணினியிலும் இதே நிலை. இன்று காலை 11.20-க்கு முயன்றேன்.” நேரம் இருப்பதால் சர்வர் பதிவேட்டில் அந்த முயற்சியைத் தேடி எடுக்கலாம். இரண்டு அளவுகள் இருப்பதால் `client_max_body_size` என்ற ஒற்றை வரிக்கு நேராகப் போகலாம். அந்த வரியைத் திருத்திவிட்டால், அதே தடையில் நின்றுகொண்டிருக்கும் மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் வழி திறந்துவிடும்.