ரசீது நோட்டில் நான்கு எண்கள்

அக்கா மகள் கோவை பீளமேட்டில் பெண்கள் விடுதியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் மாத வாடகை 6,500 ரூபாயை அவளே ஃபோனில் கட்ட வேண்டும். அப்பா காலையிலேயே அவள் கணக்கில் பணம் போட்டுவிட்டார். வார்டன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தாள். திரையில் வந்தது வார்டன் பெயர் இல்லை, ஏதோ ஓர் ஆண் பெயர். கை நின்றுவிட்டது.

"அக்கா, இது யார் பேரு?"

"எங்க வீட்டுக்காரர் பேரும்மா. அவர் அக்கவுண்ட்தான்."

அப்படியும் முதலில் ஒரு ரூபாய்தான் அனுப்பினாள். அது வந்ததை வார்டன் தன் ஃபோனில் காட்டினார். பிறகு 6,499 ரூபாய். பின் நம்பர் போட்டாள். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'பெண்டிங்' என்று வந்தது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

"மாமா, பணம் போச்சு. அவங்களுக்கு வரலையாம். இன்னொரு தடவை அனுப்பட்டுமா?" குரல் உடைந்திருந்தது.

அனுப்பாதே என்றேன். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். யுபிஐயில் முதலில் நம் வங்கி பணத்தைக் கழிக்கும். பிறகுதான் பெறுபவரின் வங்கி வரவு வைக்கும். அந்த வங்கியிடமிருந்து பதில் நேரத்துக்கு வராவிட்டால், முடிந்ததா இல்லையா என்று செயலிக்கே தெரியாது. அதைத்தான் 'பெண்டிங்' என்கிறது. அந்த நேரத்தில் மறுபடி அனுப்பினால் இரண்டும் போய்ச் சேரலாம். 'ஃபெயில்டு' என்று வந்தால்கூட, வங்கி இருப்பைப் பார்த்த பிறகே அடுத்த முறை.

பணம் காற்றில் கரைந்துவிடாது. தனிநபர் கணக்குக்குப் போகவேண்டிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதித்திருக்கிறது. கடைக்காரர் கணக்கு என்றால் ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். வங்கியில் கேட்பதானாலும் புகார் கொடுப்பதானாலும் அந்த எண்தான் பிடி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடிக் கூப்பிடாதே, பணம் திரும்ப வர பின் நம்பர் போடச் சொன்னால் போடாதே என்றும் சொன்னேன். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.

வார்டனிடம் யுடிஆரைக் காட்டினாள். "நாளைக்குப் பார்ப்போம், சாப்பிடப் போம்மா" என்றார் அவர். இரவெல்லாம் பிள்ளை ஃபோனைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள்.

காலை ஏழரைக்கு 'பெண்டிங்' பச்சையாக மாறியது. வார்டன் கணவரின் கணக்கிலும் 6,499 ரூபாய் ஏறியிருந்தது. ரசீது நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் யுடிஆரின் கடைசி நான்கு எண்களை எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாளாம்.