ஒரு பாடம், மூன்று வாக்கியம்

தாவரவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடம் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்களைக் கொண்டுவரும். தேர்வுக்கு முந்தைய நாள் அதைச் சுருக்க உட்காரும் மாணவர் பெரும்பாலும் தடித்த எழுத்தில் உள்ளதையெல்லாம் நோட்டில் எடுத்தெழுதுவார். இரண்டு மணி நேரம் போய்விடும். எது எதற்குக் காரணம் என்பது அந்த நோட்டில் இருக்காது.

எழுதும் முன் கேட்க வேண்டியது, இந்தப் பாடம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதே. முதல் பத்தி, உள் தலைப்புகள், பாட இறுதி வினாக்கள் ஆகியவற்றை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் அது பிடிபடும். ஒளிச்சேர்க்கையில் கேள்வி இது: ஒளியின் ஆற்றல் எப்படிச் சர்க்கரைக்குள் போய்ச் சேர்கிறது?

விடை மூன்று வாக்கியங்களில் அடங்கும். பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் பச்சையம் ஒளியை ஈர்க்க, நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது; ஏடிபி, என்ஏடிபிஹெச் இரண்டும் உருவாகின்றன. ஸ்ட்ரோமாவில் நடக்கும் கால்வின் சுழற்சி அவ்விரண்டையும் செலவழித்துக் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குகிறது. செலவானவை ஏடிபி-யிலிருந்து ஏடிபி-க்கு முந்தைய வடிவத்துக்கும், அதுபோல என்ஏடிபிஹெச்-சும் தன் பழைய வடிவத்துக்கும் மாறி, ஒளிவினைக்கே திரும்புகின்றன.

இவற்றை இடம் மாற்றினால் பொருள் குலைந்துவிடும். சுருக்கம் சரியாக அமைந்ததற்கு அதுவே அடையாளம். எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றும் கெடாத குறிப்பு வெறும் சொற்பட்டியல்தான்.

மற்ற சொற்களை இந்த வாக்கியங்களில் தொங்கவிடலாம். ரூபிஸ்கோ நொதி இரண்டாவதில் சேரும். ஒளி குறைந்தால் முதல் வாக்கியம் தளரும். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் இரண்டாவது தளரும். வரம்புக் காரணிகள் பகுதியின் சாரம் இதிலேயே வந்துவிடுகிறது.

சுருக்கக் கூடாதவையும் உண்டு. பசுங்கணிகப் படத்தைப் பாகங்களோடு வரைந்தே பழக வேண்டும். சமன்பாட்டையும் முழுதாக எழுத வேண்டும்:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6H₂O + 6O₂

இடப்பக்கம் 12 நீர் மூலக்கூறுகள் ஏன்? வெளியேறும் 12 ஆக்சிஜன் அணுக்களும் நீரிலிருந்தே வருகின்றன. முதல் வாக்கியம் மனதில் இருந்தால் இந்த எண் மறக்காது.

கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி: இருள்வினை பகலில் நடக்குமா? நடக்கும். அதற்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதால்தான் அந்தப் பெயர். ஆனால் ஒளிவினை தரும் ஏடிபி, என்ஏடிபிஹெச் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். இந்த விடை தடுமாறினால் பாடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டாம். கால்வின் சுழற்சிப் பகுதியை மட்டும் மீண்டும் வாசித்து, இரண்டாம் வாக்கியத்தைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.