சந்தா பணம் போகவில்லையா?

'உங்கள் சந்தாவைப் புதுப்பிக்க முடியவில்லை' என்று செய்தி வந்ததும் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்போம். பணம் இருக்கும். பல நேரங்களில் சிக்கல் கார்டில்தான்.

மாதம் 299 ரூபாய் சந்தா என்று வையுங்கள். பழைய கார்டு காலாவதியாகி வங்கி புதிய கார்டு அனுப்பியிருக்கிறது. மாதாமாதம் பணம் எடுக்க நீங்கள் ஓடிபி போட்டுக் கொடுத்த அனுமதி பழைய கார்டின் பேரில் இருக்கிறது. புதிய கார்டுக்கு அது தானாக மாறும் என்று நம்பியிருக்க முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பு வர வேண்டும். அது வராமல் போனாலே கார்டைச் சரிபாருங்கள்.

செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள்; மோசடிக்காரர்களும் இதே வாசகத்தைத்தான் அனுப்புகிறார்கள். நேரே அந்தச் செயலியைத் திறந்து, கணக்குப் பகுதியில் பணம் செலுத்தும் முறைக்குப் போங்கள். புதிய கார்டின் எண்ணையும் காலாவதி மாதத்தையும் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணையும் கொடுத்து, தானியங்கிக் கட்டணத்துக்குச் சம்மதித்து, ஓடிபி போடுங்கள். கார்டைச் சோதிக்க ஓரிரு ரூபாய் பிடித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது திரும்பி வந்துவிடும்.

கார்டை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். நிலுவைத் தொகை சில சேவைகளில் தானாகப் போகாது. நீங்களே செலுத்த வேண்டும். அடுத்த கட்டணத் தேதி திரையில் மாறியிருந்தால்தான் சேவை தொடரும்.