பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் வந்தால்

தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பதினெட்டாவது நாள். முதல் நாள் இரவு குழந்தை அசந்து தூங்கிவிட்டது. ஐந்தாறு மணி நேரம் பால் குடிக்கவில்லை. ஏற்கெனவே வலது காம்பில் சின்னதாக ஒரு வெடிப்பு. காலையில் எழும்போது வலது மார்பின் வெளிப்பக்கம் கல் மாதிரி இருக்கிறது. அக்குளிலிருந்து காம்பை நோக்கிக் குறுகி வரும், வெட்டிய தர்பூசணித் துண்டு போன்ற ஒரு பட்டை. தொட்டால் சுடுகிறது. சாயங்காலம் குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் வலி, காய்ச்சல் 102 டிகிரி.

"பால் கட்டிடுச்சு. ரெண்டு நாள் பாப்பாவுக்கு அந்தப் பக்கம் குடுக்காதடி. மல்லிகைப்பூ வெச்சுக் கட்டலாம், வத்திடும்" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவோ, "சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்து நல்லா உருவி விட்டாக் கரைஞ்சிடும்" என்கிறார். இரண்டு யோசனையும் அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் இரண்டுமே இந்தப் பெண்ணை ஆபத்தின் பக்கம் தள்ளக்கூடியவை.

அவளுக்கு வந்திருப்பது மார்பக அழற்சி. மருத்துவர்கள் மாஸ்டைட்டிஸ் என்பார்கள். பிரசவமான முதல் ஆறு வாரங்களில்தான் இது அதிகம் வருகிறது. சிவப்பு நிறம் எல்லோருக்கும் பளிச்சென்று தெரியாது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்த இடம் சற்றுக் கருத்து, தோல் இழுபட்டு மினுமினுப்பாகத் தெரியலாம். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல், புறங்கையை வைத்து இரண்டு மார்பிலும் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உள்ளே நடப்பது என்ன? பாலை அடைத்துக்கொண்டு குழாயில் ஒரு கட்டி உட்கார்ந்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பால் குழாய்கள் மிக மெல்லியவை, கிளை கிளையாகப் பிரிந்தவை. பால் தேங்கும்போது சுற்றியிருக்கும் திசுக்களில் நீர் கோத்து வீங்குகிறது. அந்த வீக்கம் வெளியிலிருந்து குழாய்களை நெருக்குகிறது. பால் வர மறுப்பது அதனால்தான். தேக்கத்தோடு கிருமியும் சேர்ந்துகொண்டால், பெரும்பாலும் தோலிலேயே வசிக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், அழற்சி தொற்றாக மாறும். காம்பு வெடிப்பு அதற்கு ஒரு வாசல்.

இது புரிந்தால், உருவி விடுவது ஏன் கூடாது என்பதும் புரியும். அழுத்திப் பிசையும்போது வீங்கிய திசு மேலும் நசுங்கி, நீர்க்கோவை கூடுகிறது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆழமான மசாஜைத் தவிர்க்கச் சொல்கிறது. வீக்கம் குறைய அது சொல்வது குளிர்ந்த ஒத்தடம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அக்குளை நோக்கி, பூனையைத் தடவுவது போல மிக லேசாக வருடிவிடலாம். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம்.

பம்ப் வைத்து மார்பைக் காலி செய்து தீர்ப்பதும் தீர்வல்ல. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் அதிகம் சுரக்கும், தேக்கமும் கூடும். குழந்தை வழக்கமாகக் குடிக்கும் அளவு வெளியேறினால் போதும். குழந்தையால் குடிக்க முடியாத வேளையில் மட்டும், கொடுத்திருக்கக்கூடிய அளவுக்குக் கையால் பீய்ச்சி எடுக்கலாம்.

மல்லிகை விஷயத்துக்கு வருவோம். மார்பில் மல்லிகைப்பூ கட்டினால் பால் குறையும் என்ற வழக்கம் வெறும் நம்பிக்கை அல்ல. பிரசவித்த பெண்களிடம் செய்து 1988-இல் வெளியான ஓர் ஆய்வும் அது சுரப்பைக் குறைப்பதாகக் கண்டது. பால் கொடுக்க விரும்பும், அழற்சியில் இருக்கும் தாய்க்கு அதுவேதான் சிக்கல். சுரந்துகொண்டிருக்கும் மார்பில் குழந்தையைத் திடீரென நிறுத்தினால், வெளியேற வழியில்லாத பால் அப்படியே தேங்கும். சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு அப்போது கூடுகிறது.

"இந்தப் பால் பாப்பாவுக்கு ஆகுமா?" என்பதுதான் வீட்டில் எல்லோருடைய பயமும். ஆகும். தாயின் தோலிலும் குழந்தையின் வாயிலும் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள்தான் இவை. பாலில் எதிர்ப்புச் சக்தியும் கூடவே வருகிறது. ஒரே மாற்றம் சுவையில். அழற்சியின்போது பாலில் உப்புச்சத்து ஏறும். சில குழந்தைகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வலியால் பால் இறங்கவில்லையென்றால் நல்ல பக்கத்தில் தொடங்கி, பால் இறங்கியதும் வலிக்கும் பக்கத்துக்கு மாற்றலாம். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு மட்டும் விதி வேறு: பாதித்த பக்கத்தில் கொடுப்பதை நிறுத்தி, உடனே தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். "பாப்பாவுக்குக் கொடுக்கறத நிறுத்தாதம்மா. ஆனா இன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிடு" என்கிறார். இதில் கடிகாரம் முக்கியம். லேசான வலியும் வீக்கமும் மட்டும் இருந்தால், ஓய்வு, ஒத்தடம், வலி மாத்திரையோடு 24 மணி நேரம் பார்க்கலாம். அதற்குள் குறையாவிட்டாலோ, இவளைப் போல 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் மார்பையும் காம்பையும் பார்க்கிறார். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், வீக்கத்துக்கு இபுப்ரோஃபென். பால் கொடுக்கும்போது இரண்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொற்றுக்கு க்ளாக்சசிலின் போன்ற ஆன்டிபயாடிக் பத்து நாளுக்கு எழுதுகிறார். குழந்தைக்கு ஆகக்கூடிய மருந்துதான். மலம் சற்று இளகலாம், அவ்வளவுதான். மீந்த பழைய மாத்திரையை வைத்துச் சமாளிப்பதும், மூன்றாம் நாள் சரியானதும் நிறுத்துவதும் கூடாது.

செவிலியர் குழந்தையை மார்பில் வைத்துப் பார்க்கிறார். வாய் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. வெடிப்பு வந்த காரணம் அதுதான். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி, தாடை மார்பில் பதியும்படி மாற்றி வைக்கிறார்.

48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி, கல் போன்ற இடம் இளக வேண்டும். மருந்து எடுத்தும் காய்ச்சல் விடவில்லை, அல்லது விட்டுத் திரும்ப வந்தது, கட்டியின் நடுவில் அழுத்தினால் நீர் நிரம்பிய பலூன் போல அசைகிறது என்றால், சீழ் பிடித்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிடும். பல சமயம் ஊசியாலேயே சீழை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். கீறிய காயமோ வடியும் சீழோ குழந்தையின் வாய் படும் இடத்தில் இல்லாதவரை அப்போதும் பால் கொடுக்கலாம். மூச்சு வாங்குதல், மயக்கம், குழப்பமான பேச்சு, படபடவென்ற நெஞ்சுத் துடிப்பு இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் போன பிறகும் சிவப்பும் கட்டியும் ஓரிரு வாரத்தில் மறையாவிட்டால், வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்த மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் நாள் இரவே காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் காலை குழந்தை வலது பக்கம் குடித்து முடித்தபோது பட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. பத்து நாளும் மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொண்டவர் அம்மாதான். கட்டுவதற்காக வாங்கிய மல்லிகை மகளின் தலைக்குப் போயிற்று.