கண் சிவப்பு போக சொட்டு மருந்து... மறுபடியும் சிவக்குதா? காரணம் மருந்தாகவே இருக்கலாம்!

பெங்களூரில் நைட் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் கண் சிவந்திருக்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டதும் ஐந்தே நிமிஷத்தில் கண் வெள்ளை வெளேர்! முதல் நாள் ஒரு சொட்டு சாயங்காலம் வரை தாங்குகிறது. இரண்டாவது வாரத்தில் மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மருந்தின் வேகம் குறைந்ததும் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்க, மறுபடியும் பாட்டிலைத் தேடுகிறார்.

அப்படி என்னதான் நடக்கிறது? பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்க. நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்ற பெயர் இருந்தால், அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் ஓடும் மெல்லிய குழாய்கள் விரிந்தால்தான் கண் சிவப்பாகத் தெரியும். இந்த மருந்து அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. சிவப்பு மறையும், ஆனால் அதற்குக் காரணமான வறட்சியோ அலர்ஜியோ அப்படியே இருக்கும்.

தொடர்ந்து விடும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. மருந்து போய் ஒட்டும் ஏற்பிகள் அதற்குப் பழகிப்போய், அதே சொட்டுக்கு முன்பு போல அசைந்து கொடுப்பதில்லை. இன்னொரு பக்கம், குழாய்கள் சுருங்கியே கிடந்ததால் திசுவுக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைகிறது. பிடி விட்டதும் குழாய்கள் அகலமாக விரிந்துகொள்கின்றன. டாக்டர்கள் இதை 'ரீபவுண்ட்' சிவப்பு என்கிறார்கள். பல பாட்டில்களில் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியும் கண்ணை உறுத்தி, வறட்சியைக் கூட்டும். அதனால்தான் இவ்வகை மருந்துகளை ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேலோ, 72 மணி நேரத்துக்கு மேலோ டாக்டரைக் கேட்காமல் விடக்கூடாது.

நம்ம நைட் ஷிப்ட்காரர் என்ன செய்யலாம்? அந்த மருந்தை நிறுத்துவதுதான் வழி. முதல் சில நாட்கள் கண் ரொம்பவே சிவக்கும். பெரும்பாலானோர் பயந்துபோய் மறுபடியும் சொட்டு விடுவது இந்தக் கட்டத்தில்தான். குளிர்ந்த ஒத்தடமும், பதப்படுத்தி இல்லாத செயற்கைக் கண்ணீர் சொட்டும் உதவும். முழுசாகச் சரியாகச் சில வாரங்கள் ஆகலாம். மெடிக்கலில் மாற்றுச் சொட்டு என்று ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்தால் வாங்காதீங்க. அதுவும் சிவப்பைக் குறைக்கும்தான், ஆனால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

எல்லாச் சிவப்பும் ரீபவுண்ட் இல்லை. வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், சீழ் இவற்றில் ஏதாவது இருந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்க. குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்கள் இந்தச் சொட்டைத் தொடவே கூடாது. அது கண்மணியை விரித்து, கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்க. கொஞ்சம் குடித்தால்கூட மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் வரலாம்.